எட்டு மாதக் கட்டணத்தில் ஓராண்டுச் சந்தா: லாபமா, நஷ்டமா?

கேள்வி: சிறிய ஜிம் ஒன்றை நடத்துகிறேன். சேருகிறவர்களில் பலர் சில வாரங்களிலேயே நின்றுவிடுகிறார்கள். எட்டு மாதக் கட்டணத்துக்கு ஓராண்டுச் சந்தா என்று அறிவிக்கலாமா, அல்லது மாதக் கட்டணத்தையே தொடரலாமா?

பதில்: முதலில் உங்கள் பதிவேட்டில் ஒரு வேலை இருக்கிறது. ஓராண்டுக்கு முன் ஏதேனும் ஒரு மாதத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களை மட்டும் தனியே எடுத்து, அடுத்தடுத்த மாதங்களில் அவர்களில் எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்று வரிசையாக எழுதுங்கள். மொத்த உறுப்பினர்களில் மாதந்தோறும் எத்தனை பேர் விலகுகிறார்கள் என்ற விகிதம் இதற்கு உதவாது. பழைய உறுப்பினர்கள் அதிகம் விலகுவதில்லை என்பதால், புதியவர்கள் வேகமாக நின்றுபோவதை அந்த விகிதம் மறைத்துவிடும்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: 100 பேர் சேர்ந்தார்கள், இரண்டாம் மாதம் 72 பேரும் மூன்றாம் மாதம் 58 பேரும் பணம் கட்டினார்கள், அதன்பின் குறைவது மெதுவாகி, பன்னிரண்டாம் மாதம் 28 பேர் எஞ்சினார்கள். எல்லா மாதங்களையும் கூட்டினால் 560 மாதக் கட்டணங்கள் வந்திருக்கின்றன, அதாவது ஆளுக்குச் சராசரியாக 5.6 மாதம். சராசரியாக 5.6 மாதம்தான் வருகிறது, நாம் எட்டு வாங்குகிறோம் என்பதால் ஆண்டுச் சந்தா லாபம் என்று தோன்றும். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான், ஏனெனில் ஆண்டுச் சந்தாவை எடுப்பவர்கள் அந்த நூறு பேரின் சராசரி மனிதர்கள் அல்லர்.

அந்த நூறு பேரில் 40 பேர் ஆண்டுச் சந்தா எடுத்ததாகவும், அவர்களில் 25 பேர் எப்படியும் ஆண்டு முழுவதும் வந்திருக்கக்கூடியவர்கள் என்றும், 15 பேர் மூன்று மாதத்தில் நின்றிருக்கக்கூடியவர்கள் என்றும் கொள்ளுங்கள். மாதக் கட்டணத்தில் முதல் வகையினர் 300, இரண்டாம் வகையினர் 45, ஆக மொத்தம் 345 மாதக் கட்டணங்களைத் தந்திருப்பார்கள். ஆண்டுச் சந்தாவில் நாற்பது பேரும் தருவது 320 மட்டுமே. ஆக, உங்கள் திட்டத்தில் 25 மாதக் கட்டணங்கள் குறைகின்றன. நட்டமில்லாமல் இருக்கவே ஆண்டுக் கட்டணம் 8.6 மாதத்துக்கு மேல் இருந்தாக வேண்டும். அதே நாற்பது பேரில் இரு வகையினரும் இருபது இருபதாக இருந்திருந்தால், மாதக் கட்டணத்தில் வந்திருக்கக்கூடியது 300 என்பதால் எட்டு மாதக் கட்டணமே லாபமாகியிருக்கும்.

ஆகவே இந்தச் சலுகையை யாரிடம், எப்போது நீட்டுகிறீர்கள் என்பதே முக்கியம். இருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் செய்தி அனுப்பினால், அதை முதலில் எடுப்பவர்கள் தவறாமல் வரும் பழையவர்களாகவே இருப்பார்கள். தானாக வரவிருந்த பணத்தில் நான்கு மாதத்தை நீங்களே விட்டுக்கொடுத்ததாகிவிடும். முதல் நாள் உற்சாகத்தில் சேருகிறவரிடம் விற்றால் கணக்கு உங்கள் பக்கம் சாயும், ஆனால் ஆறாவது வாரத்தில் அவர் பணத்தைத் திரும்பக் கேட்டு வருவார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்பதைச் சந்தாப் படிவத்திலேயே எழுதிவைக்க வேண்டும். நின்றுபோனவரின் மனக்கசப்பு சிறிய ஜிம்முக்குக் கட்டுப்படியாகாது.

என் பரிந்துரை, சேரும்போது மூன்று மாதச் சந்தா மட்டும் 2.7 மாதக் கட்டணத்துக்கு என்பதுதான். மேலே உள்ள கணக்கில் முதல் மூன்று மாதங்களில் மாதக் கட்டணமாக வருவது 100, 72, 58 எனக் கூட்டி 230. மூன்று மாதச் சந்தாவைக் கண்டு தயங்கி நூறில் 15 பேர் சேராமலே போனாலும், மீதி 85 பேரிடமிருந்து ஏறக்குறைய அதே தொகை வந்துவிடுகிறது. அதற்கும் குறைவானவர்களே பின்வாங்கினால் மிச்சமெல்லாம் லாபம். விலகல் மிகுதியாக நிகழும் காலத்தை மட்டுமே இந்தச் சந்தா மூடுகிறது, விசுவாசமானவர்களுக்குத் தரும் தள்ளுபடியும் சிறியது. மூன்று மாதம் கடந்தவருக்கு ஆண்டுச் சந்தாவைப் பத்து மாதக் கட்டணத்துக்குக் கொடுங்கள், அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

அதை எடுக்காதவர்களை மாதக் கட்டணத்தில் விட்டு, வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி செய்யுங்கள். அமெரிக்க ஜிம்களின் பதிவேடுகளை ஆராய்ந்து ஸ்டெஃபானோ டெல்லவிக்னாவும் உல்ரிக் மால்மெண்டியரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தானாகப் புதுப்பிக்கப்படும் மாதச் சந்தாக்காரர்களே ஆண்டுச் சந்தாக்காரர்களைவிட ஓராண்டுக்கு மேல் நீடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரியவந்தது. ஆண்டுச் சந்தா முடிகிறபோது உறுப்பினர் மறுபடி யோசித்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, தானாகக் கழியும் கட்டணத்தில் அந்தத் தருணமே வருவதில்லை. வராதவரிடமும் பணம் கழிந்துகொண்டே இருக்கும் என்பதால், நிறுத்தும் வழியை எளிதாக வைப்பதுதான் நியாயம்.

ஆண்டுச் சந்தா விற்ற மாதத்தில் கல்லா நிறைந்திருப்பதைப் பார்த்துப் புதிய ட்ரெட்மில் வாங்கிவிடாதீர்கள். அந்தத் தொகையில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் அந்த மாத வருமானம். மீதியைத் தனிக் கணக்கில் போட்டு மாதாமாதம் எடுத்தால், ஒன்பதாம் மாத வாடகைக்கும் பயிற்சியாளர் சம்பளத்துக்கும் பணம் இருக்கும்.