பாட்டில் எண்ணும் வேலைக்கா டிப்ளமா? சிங்கப்பூர் அப்பா ஒருவருக்குப் பதில்

வணக்கம் ஐயா. பாலிடெக்னிக்கில் விருந்தோம்பல் துறை படித்து முடிக்கப்போகும் உங்கள் மகளுக்கு ஒரு ஹோட்டலின் கணக்குப் பிரிவில் பார் ஸ்டாக் பார்க்கும் வேலை வந்திருக்கிறது. “மூன்று வருஷம் படித்துவிட்டு பாட்டில் எண்ணப் போகிறாளா? அதுவும் சாராய பாட்டில்?” என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னொரு கேள்வியும் இருந்தது: சரக்கு குறைந்தால் பழி இவள் தலையில் விழுமா?

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. அதற்குப் பதில் சொல்ல, அந்த வேலையில் நாள் முழுக்க என்ன செய்வார்கள் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில், இங்கே ஏன் ஒவ்வொரு மில்லிக்கும் கணக்குப் பார்க்கிறார்கள்? சிங்கப்பூரில் விஸ்கி, ஜின் போன்ற சரக்குக்கு அதிலுள்ள சுத்த ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி தீர்வை. 700 மில்லி பாட்டிலில் 40 சதவீதம் ஆல்கஹால் என்றால் 280 மில்லி. அதற்கு மட்டும் 24 வெள்ளி 64 காசு. சரக்கின் விலையும், எல்லாவற்றின் மேலும் 9 சதவீத ஜிஎஸ்டியும் தனி. ஒரு ஷாட் கூடுதலாக ஊற்றினால் அதில் கட்டிய வரியும் சேர்ந்தே போகிறது.

வேலையின் அடிப்படைக் கணக்கை நீங்கள் மளிகைக்கடையிலேயே பார்த்திருப்பீர்கள். வாரத் தொடக்கத்தில் இருந்த சரக்கோடு வந்த சரக்கைக் கூட்டி, வாரக் கடைசியில் மிச்சம் இருப்பதைக் கழித்தால், உண்மையில் செலவானது எவ்வளவு என்று தெரியும். பில் மெஷினில் விற்றதாகப் பதிவான கிளாஸ்களை அளவால் பெருக்கினால், செலவாகியிருக்க வேண்டியது எவ்வளவு என்று தெரியும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை வேரியன்ஸ் என்பார்கள். பாரில் சிக்கல் என்னவென்றால், மூடிய பாட்டிலை எண்ணலாம், திறந்த பாட்டிலை எண்ண முடியாது. அதில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும்.

பல இடங்களில் கண்ணால் பார்த்து பத்தில் ஒரு பங்காக எழுதுவார்கள். பாட்டிலில் பாதிக்கு மேல் கொஞ்சம் இருந்தால் 0.6 என்று போட்டுவிடுவார்கள். வேகமாக முடியும், ஆனால் ஒரு பங்கு தவறினால் 70 மில்லி போச்சு. அது 30 மில்லி ஷாட் இரண்டுக்கும் மேல். நேராக நிற்கும் பாட்டிலில் கண் அவ்வளவாக ஏமாறாது. தோள் சரிந்து கழுத்து குறுகும் பாட்டிலில் கட்டாயம் ஏமாறும். ஐம்பது, அறுபது திறந்த பாட்டில் உள்ள பாரில் இந்தச் சின்னத் தவறுகள் சேர்ந்தால், கடைசியில் வரும் வேரியன்ஸ் திருட்டையா காட்டுகிறது, எண்ணியவரின் கண்ணையா என்று சொல்ல முடியாது.

அதனால்தான் கவனமான இடங்களில் தராசு வைத்திருப்பார்கள். காலிப் பாட்டிலின் எடையை ஒருமுறை குறித்து வைத்தால் போதும். உதாரணமாக காலிப் பாட்டில் 480 கிராம், இப்போது தராசில் 879 காட்டுகிறது. உள்ளே இருப்பது 399 கிராம். 40 சதவீத விஸ்கி தண்ணீரை விட லேசானது, ஒரு மில்லி ஏறக்குறைய 0.95 கிராம். 399-ஐ 0.95-ஆல் வகுத்தால் 420 மில்லி, அதாவது 0.6 பாட்டில். சர்க்கரை நிறைந்த லிக்யூர் வகைகள் தண்ணீரை விடக் கனமாக இருக்கும். அவற்றுக்கும் 0.95 போட்டால் கணக்கு உதைக்கும். ஒவ்வொரு சரக்குக்கும் தனி எண் வேண்டும். உங்கள் மகள் முதல் வாரத்தில் கற்றுக்கொள்ளப் போவது பெரும்பாலும் இதுதான்.

இனி ஒரு வாரத்தின் கணக்கைப் பார்ப்போம். இது நான் போட்ட உதாரணம், ஆனால் இதில் வரும் குழப்பங்கள் இந்த ஊர் பார்களில் சர்வசாதாரணம். ஒரே விஸ்கி, 700 மில்லி பாட்டில். திங்கள் காலை இருப்பு 12.4 பாட்டில். வாரத்தில் வந்தது 24. அடுத்த திங்கள் காலை மிச்சம் 9.6. ஆக, செலவானது 26.8 பாட்டில், 18,760 மில்லி.

பில் மெஷின் வேறு கதை சொல்கிறது. 30 மில்லி சிங்கிள் 310, டபுள் 70, 45 மில்லி ஊற்றும் காக்டெயில் 40, முழு பாட்டிலாக விற்றது 2. எல்லாம் சேர்த்து 16,700 மில்லி. இடிப்பது 2,060 மில்லி, கிட்டத்தட்ட மூன்று பாட்டில், விற்பனைக் கணக்கில் 12 சதவீதத்துக்கும் மேல். அனுபவமில்லாதவர் இந்த இடத்தில் நேராக மேனேஜரிடம் போய், “பார்டெண்டர் எடுக்கிறார்” என்று சொல்லிவிடுவார். நல்ல கணக்காளர் முதலில் தன் ஷீட்டைச் சந்தேகிப்பார், அப்புறம் மெஷினை, கடைசியில்தான் ஆளை.

ஷீட்டிலிருந்து தொடங்குவோம். இங்கே பல பார்களில் பாட்டில் கீப் உண்டு. வாடிக்கையாளர் முழு பாட்டில் வாங்கி, பெயர் எழுதி, பாரிலேயே விட்டுவிட்டுப் போவார். பாட்டில் பாரின் அலமாரியில் நின்றாலும், விற்று முடிந்த சரக்கு அது. போன ஞாயிறு ஒருவர் வாங்கித் திறக்காமலே விட்டுப்போன பாட்டிலை, எண்ணியவர் கடைச் சரக்காக 12.4-க்குள் சேர்த்துவிட்டார். அதற்கான பில் முந்தின வாரத்துக் கணக்கில் இருக்கிறது. இந்த வாரக் கடைசியில் அதைச் சரியாக ஒதுக்கிவிட்டார்கள். விளைவு, யாரும் தொடாத 700 மில்லி ‘செலவானதாக’ ஏறிவிட்டது. இந்தத் தவறுதான் ரொம்ப அடிக்கடி நடக்கிறது. பெயர்ச்சீட்டுள்ள பாட்டில்களுக்குத் தனி அலமாரியும் தனி நோட்டும் இல்லாத பாரில் எந்த வேரியன்ஸையும் நான் நம்பமாட்டேன்.

அடுத்து மெஷின். ஹேப்பி ஹவரில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். கிளாஸ் இரண்டு போகிறது. ஆனால் அந்தப் பட்டனைப் போட்டவர் ஒரு கிளாஸ் சரக்கு மட்டும் கழியும்படி அமைத்திருக்கிறார். வாரத்தில் 25 முறை அழுத்தியிருக்கிறார்கள் என்றால் 750 மில்லி பதிவில் இல்லாமல் போயிருக்கிறது. பார்டெண்டர் மேல் ஒரு தப்பும் இல்லை, விளம்பரம் சொன்னபடிதான் ஊற்றியிருக்கிறார்.

2,060-இல் இந்த இரண்டும் போக மிச்சம் 610 மில்லி. திருத்திய விற்பனைக் கணக்கில் மூன்றரை சதவீதம். இன்னும் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் 12 சதவீதப் பூதம் போய்விட்டது. இனிதான் பாருக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

நன்றாக ஓடும் ஐந்தாறு சரக்கை மட்டும் தினமும் எடை போட்டுப் பார்க்கும் வழக்கம் இருந்தால், எந்த இரவில் இடித்தது என்று தெரியும். நம் உதாரணத்தில் வெள்ளியும் சனியும். அந்த இரண்டு இரவுகளிலும் பத்து மணிக்கு மேல் 90 கிளாஸ் போயிருக்கிறது. கூட்டம் நெருக்கும்போது ஜிக்கர் என்கிற அளவுக் குவளையை ஓரமாக வைத்துவிட்டு, மனசுக்குள் எண்ணிக்கொண்டே பாட்டிலைக் கவிழ்ப்பார்கள். இதைச் சோதிக்க காலிப் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, அதே வேகத்தில் ஊற்றச் சொல்லி, அளவுக் கண்ணாடிக் குழாயில் பிடித்தால் போதும். 35 மில்லி வருகிறது. ஐந்து மில்லியை 90-ஆல் பெருக்கினால் 450. மீதி 160 மில்லி சிந்தியதும், தராசின் துல்லியக் குறையும். எழுதிவைக்காமல் உடைந்த ஒரு கிளாஸும் அதில் இருக்கலாம். அதைத் துரத்திக்கொண்டு போவது வீண்.

எதிர்ப்பக்கம் இடித்தாலும் கவனிக்க வேண்டும். செலவானது விற்பனையை விடக் குறைவாக இருந்தால் லாபம் என்று சந்தோஷப்படக் கூடாது. அளவு குறைத்து ஊற்றுகிறார்களா, யாராவது வெளியிலிருந்து தன் பாட்டிலைக் கொண்டுவந்து விற்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஒரு ஜின் குறைந்து இன்னொரு ஜின் அதே அளவு கூடியிருந்தால், பெரும்பாலும் தவறான பட்டனை அழுத்தியிருப்பார்கள். நிஜத் திருட்டும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். பில் போடாமல் கிளாஸ் கொடுத்துக் காசைப் பையில் போடுவதைப் பிடிக்க எண்ணிக்கை மட்டும் போதாது. வேரியன்ஸ் எந்த ஷிப்டில் திரும்பத் திரும்ப வருகிறது என்று நான்கைந்து வாரம் வரிசையாகப் பார்த்தால்தான் சந்தேகத்துக்கு ஆதாரம் கிடைக்கும்.

உங்கள் மகளுக்கு இது பொருந்துமா? அவள் கணக்கில் கெட்டி, ஆனால் கோபக்காரி என்று எழுதியிருந்தீர்கள். எண்ணுவது பெரும்பாலும் பார் திறப்பதற்கு முன் காலையில் நடக்கும், சில இடங்களில் மூடிய பிறகு. ராத்திரி வேலை பயமாக இருந்தால் எந்த நேரம் என்று நேர்காணலில் நேராகக் கேட்கச் சொல்லுங்கள். மதம் அல்லது மனசாட்சி காரணமாக மதுவைத் தொட விருப்பமில்லை என்றால் அதையும் இப்போதே சொல்லட்டும். கணக்குப் பிரிவு என்று பெயர் இருந்தாலும் பாட்டிலைக் கையில் எடுக்காமல் இந்த வேலை நடக்காது. சமையலறைச் சரக்குக்கும் இதே கணக்குதான், அந்தப் பக்கம் இடம் கேட்கலாம்.

நேர்காணலில் அவள் கேட்க வேண்டிய இன்னொன்று: யார் எண்ணுகிறார்கள், யார் பதிகிறார்கள்? பார்டெண்டர் தன் பாரைத் தானே எண்ணி, அதே ஆள் மெஷினிலும் ஏற்றுகிறார் என்றால், உங்கள் மகள் வெறும் கூட்டல் போடும் ஆள். எண்ணும்போது அவளும் பார் ஆளும் சேர்ந்து நின்று, இருவரும் கையெழுத்துப் போடும் இடம் என்றால் தைரியமாகச் சேரலாம்.

பழி பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேலைவாய்ப்புச் சட்டத்துக்குள் வரும் ஊழியரிடம், அவர் பொறுப்பில் ஒப்படைத்த சரக்கு குறைந்ததற்காக முதலாளி நினைத்தபடி சம்பளத்தில் பிடிக்க முடியாது. நேரடித் தவறு அவருடையது என்று தெரிய வேண்டும், விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும், பிடித்தாலும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதுவும் ஒரே தடவைதான். ஒப்பந்தத்தில் ‘சரக்குக் குறைவு முழுவதும் ஊழியர் பொறுப்பு’ என்று வரி ஏதாவது இருந்தால், கையெழுத்துப் போடுமுன் எனக்கு அனுப்புங்கள்.