மேடைப் பேச்சு: எதை எழுதுவது, எதற்குச் சிறு குறிப்பு மட்டும் வைப்பது?

கோத்தகிரி சிறு விவசாயி: ஐயா, குறைதீர் கூட்டத்தில் பசுந்தேயிலை விலை பற்றி ஐந்து நிமிடம் பேசணும். ஈர இலைன்னு எடை கழிச்ச கதையையும் சொல்லணும். முழுசா எழுதிக்கிட்டுப் போகலாமா?

முழுதும் வேண்டாம். எதையும் பார்க்காமல் இரண்டு முறை சத்தமாகப் பேசிப் போனில் பதிவு செய்யுங்கள். வார்த்தை மாறியும் விஷயம் மாறாத இடத்துக்குச் சிறு குறிப்பு மட்டும் போதும். வார்த்தையோடு விஷயமும் மாறினால், அந்த இடத்தை எழுதியே ஆக வேண்டும்.

உங்களுக்கு அப்படி மாறப்போவது கோரிக்கைதான். ஒரு முறை "விலை கட்டுப்படியாகலை" என்பீர்கள், மறுமுறை "ஏதாவது பார்த்துச் செய்யுங்க" என்பீர்கள். இரண்டுக்கும் "பார்க்கலாம்" என்ற ஒரே பதில் போதும். "தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் விலைக்குக் கீழே கொடுத்த தொழிற்சாலைகள் மீது எடுத்த நடவடிக்கையை அடுத்த கூட்டத்துக்குள் எழுத்தில் தர வேண்டும்" என்று எழுதி, அப்படியே வாசியுங்கள். அறிவித்த விலை, உங்கள் ரசீதில் உள்ள விலை, மாதம் இவையும் தாளில் இருக்கட்டும்.

ஈர இலை என்று எடை கழித்த கதைக்கு "மழை, தராசு, ரசீது" என்ற மூன்று சொல் போதும். அதை எழுதி வாசித்தால் அடுத்தவர் கதை போலக் கேட்கும்.

குன்னூர் கல்லூரி மாணவி: தொடக்கமும் முடிவும் மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்தானே சார்?

பாதி சரி. கதையிலிருந்து கோரிக்கைக்குப் போகும் வாக்கியத்தை விட்டுவிட்டாயேம்மா. அது கையில் இல்லாதவர்தான் இரண்டாவது கதைக்குள் போய் நேரத்தைத் தொலைக்கிறார். "இதே குறை எங்கள் ஊரில் பலருக்கும் இருக்கிறது, அதனால் கேட்கிறோம்" என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்.

கொடைக்கானல் வாசகர்: மைக் பிடித்தாலே கை நடுங்குகிறது.

அது வேறு விஷயம். தாளை அட்டையில் ஒட்டிக்கொண்டால் நடுக்கம் வெளியே தெரியாது.

ஊட்டி, ஓய்வு பெற்ற ஆசிரியர்: மார்ட்டின் லூதர் கிங் தாளை விட்டுவிட்டுப் பேசியதுதானே உலகம் நினைவில் வைத்திருக்கிறது? எழுதியதெல்லாம் பேச்சைக் கொல்லும்.

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் அவர் பெரும்பகுதியும் தாளைப் பார்த்துத்தான் பேசினார். "எனக்கொரு கனவு உண்டு" என்ற பகுதி அந்தத் தாளில் இல்லை, உண்மைதான். ஆனால் அதை ஜூன் மாதமே டெட்ராய்டில் பேசியிருந்தார். வாயில் பழகியதைத்தான் எழுதாமல் விடலாம் ஐயா.

அதே ஆசிரியர்: பழகியது அலுத்தும் போகுமே?

போகும். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கதையை விட்டுவிட்டு வேறு கதை எடுக்கிறேன், கோரிக்கையை மட்டும் மாற்றுவதில்லை.

கூடலூர் வாசகர்: முழுசா எழுதினால் என்ன தப்பு?

மேலே விவசாயிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

குன்னூர் மாணவி: நன்றி சொல்லும் பெயர்கள்?

எழுது, வரிசையோடு. ஊர்ப் பெரியவர் ஒருவர் பெயர் விட்டுப்போனால் பேச்சு முடிந்தபின் அதைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள்.