மகள் அரக்குப் பட்டில். அம்மாவுக்கு என்ன நிறம்?

கேள்வி: வணக்கங்க அக்கா. தை மாசம் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை அரக்கு, பச்சை பார்டர், உடம்பு பூராவும் ஜரிகைக் கொடி. எனக்குக் குங்குமச் சிவப்பில் பெரிய பார்டர் போட்டது ஒன்று பிடித்திருக்கிறது. நாத்தனாரோ, "சந்தனக் கலர் எடுங்க அண்ணி, அதுதான் அடக்கமா இருக்கும்" என்கிறாள். அப்புறம், பழைய நகையைப் போட்டு நாலு பவுனில் ஆன்டிக் ஆரம் எடுக்கலாமா? - கோபிச்செட்டிபாளையம் வாசகி

பதில்: குங்குமச் சிவப்பு வேண்டாங்க. பளிச்சென்ற சிவப்பு பக்கத்தில் வந்தால் அரக்கு மங்கிப் பழுப்பாகத் தெரியும், அடிபடுவது மகளின் புடவைதான். அதே சமயம் நாத்தனார் சொல்வதையும் அப்படியே கேட்டுவிடாதீர்கள். சந்தன நிறத்தில் ஜரிகை நிறைய வைத்துத்தான் கடையில் எடுத்துப் போடுவார்கள், மேடை விளக்கும் கேமரா ஃபிளாஷும் பட்டால் முதலில் மின்னுவது அதுதான், போதாததற்கு வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கும் உங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றால் இரண்டு பேரும் ஒரே வெளுப்பாகத் தெரிவீர்கள். பெண்ணை மறைப்பது பெரும்பாலும் நிறம் இல்லை, ஜரிகை.

அதனால் மகள் புடவையின் பார்டர் பச்சையை எடுத்துக்கொண்டு, அதைவிட ஒரு படி அடர்ந்த பச்சையில் உங்கள் புடவையின் உடல் நிறத்தைத் தேடுங்கள். பார்டர் மெல்லிய அரக்கு, மூன்று அங்குலத்துக்குள். உடம்பில் கொடி வேண்டாம், வெறும் உடலோ தள்ளித் தள்ளி வைத்த சின்னப் புட்டாவோ போதும். இரண்டு பேரும் சேர்ந்து நின்றால் ஒரே குடும்பம் என்று தெரியும், ஆனால் ஜோடிப் புடவை மாதிரி இருக்காது. ரவிக்கைக்கு ஆரி வேலை கழுத்தில் ஒரு வரி இருந்தால் சரி, முழங்கை வரை நிறைக்காதீர்கள், அது மகளுக்கு இருக்கட்டும்.

கடைக்குப் போகும்போது மகளின் புடவையையே கொண்டுபோங்கள். போன் படத்தை நம்பி எடுத்தால் பச்சை வேறு பச்சையாகிவிடும். இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள், கடைக்குள் இருக்கும் மஞ்சள் விளக்கில் கரும்பச்சை கறுப்பாகக்கூடத் தெரியும். ஷாட் கலர் என்றால் மடிப்பு போட்டுத் திருப்பிப் பாருங்கள், ஒரு பக்கம் சிவப்படித்தால் விட்டுவிடுங்கள். ஃபால்ஸ் அடித்த பிறகு மாற்றித் தர மாட்டார்கள், அதற்கு முன்னாலேயே வீட்டில் ஒரு தடவை பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.

எடை இன்னொன்று. முகூர்த்தத்தன்று விடியலுக்கு முன்னாலேயே கட்டிக்கொண்டு, சீருக்கு உட்கார்ந்து எழுந்து, தாரை வார்த்து, பந்தி வரை பார்க்க வேண்டியவர் நீங்கள். சிறுமுகை மென்பட்டு இதற்கு வசதி, கனம் குறைவு, கொசுவம் படிந்து நிற்கும். சில்க் மார்க் அட்டை இருந்தால் பட்டு அசல் என்பதற்கு மட்டும்தான் அது உத்தரவாதம், ஜரிகைக்கு இல்லை. அசல் ஜரிகை என்று சொல்லி விலை கேட்டால் அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்கினால் அந்த விலையைக் கொடுக்காதீர்கள்.

இனி ஆரம். மகளுக்கு அட்டிகை, ஆரம், ஒட்டியாணம், வங்கி என்று ஆன்டிக் வேலையில் வரும்போது நீங்களும் அதே மாதிரி எடுத்தால் அங்கேதான் போட்டி வரும். உங்களுக்கு மஞ்சள் தங்கத்தில் தாலிக்கொடி, அதன்கூட ஒரே ஒரு ஆரம், ஜிமிக்கி, வளையல். பழைய ஆரம் இருந்தால் மெருகு போட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், மாற்றாதீர்கள். கணக்கைப் பாருங்கள்: நாலு பவுன் 32 கிராம். சாதா வேலைக்குச் சேதாரம் 10 சதவீதம் என்றால் 3.2 கிராம், ஆன்டிக் வேலைக்கு 18 சதவீதம் சொன்னால் 5.76 கிராம். வித்தியாசமே கால் பவுனுக்கு மேல் போய்விடுகிறது, அதோடு பழைய நகைக்கு அன்று கொடுத்த சேதாரமும் திரும்பி வராது, புதியதற்கு 3 சதவீதம் ஜிஎஸ்டியும் சேரும். ஒரு காலைப்பொழுதுக்கு இவ்வளவு தங்கத்தைக் கரைக்க வேண்டுமா?

இல்லை, வாங்கியே தீர வேண்டும் என்றால் கல் எடையைக் கழித்த நிகர எடைக்கு மட்டும் தங்க விலை போடச் சொல்லி, இரண்டு எடையையும் பில்லில் தனித்தனியாகக் கேளுங்கள். நகையில் 916 முத்திரையோடு ஆறு எழுத்து-எண் கொண்ட HUID இருக்கும், அதை BIS Care செயலியில் Verify HUID பகுதியில் போட்டுப் பார்த்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.

புடவை முடிவானதும் சம்பந்தியம்மாவுக்கு ஒரு போன் போட்டு, "நான் பச்சைதாங்க எடுத்திருக்கேன்" என்று சொல்லிவிடுங்கள். அவரும் பச்சை எடுக்கப் போவதாக இருந்தால் மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும். நாத்தனாருக்கும் சின்ன மகளுக்கும் எடுப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.