நோட்டின் இடது ஓரத்தைக் காலியாக விடுங்கள்

கேள்வி: பி.காம் முதலாமாண்டு படிக்கிறேன். வகுப்பில் சொல்வதை எல்லாம் விடாமல் எழுதுகிறேன். பரீட்சைக்கு முன் நாலைந்து தடவை படிக்கவும் செய்கிறேன். ஆனால் ஹாலில் உட்கார்ந்தால் பாதி வருவதில்லை. நோட்ஸ் எடுப்பதையே மாற்ற வேண்டுமா?

பதில்:

மாற்றுங்கள். ஆனால் எழுதும் விதத்தைவிட, எழுதியதைத் திரும்பப் படிக்கும் விதத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

நான் பல வருடங்களாகக் கல்லூரியில் கணக்கியல் நடத்துகிறேன். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்து, முதல் செமஸ்டரில் நீங்கள் சொல்லும் இதே நிலையில் நானும் இருந்தேன். ரஃப் நோட்டில் எழுதுவேன், இரவில் அதை ஃபேர் நோட்டில் அழகாக நகலெடுப்பேன், பரீட்சை நெருங்கும்போது அதையே திரும்பத் திரும்ப வாசிப்பேன். இன்டர்னலில் மதிப்பெண் வரவில்லை. நகலெடுக்கும்போது கை மட்டுமே வேலை செய்தது என்பது பிற்பாடுதான் புரிந்தது.

நாலாவது தடவை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலத் தோன்றும். கல்யாண வீட்டில் ஒருவரைப் பார்த்ததும் முகம் பழக்கமாக இருக்கும், பெயர் மட்டும் வராது அல்லவா? அதுதான் இது. பக்கத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிகிறது. ஹாலில் பக்கமே இருக்காது, பெயரைச் சொல்லியாக வேண்டும்.

ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். மாணவர்களுக்குப் படிக்க ஒரு சிறு பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதை மறுபடி படித்தார்கள். இன்னொரு பிரிவினர் அதைப் பார்க்காமல் வெறும் தாளில் நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மறுபடி படித்தவர்கள் 81 சதவீதம் சொன்னார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: மறுபடி படித்தவர்களிடம் 42 சதவீதம்தான் மிஞ்சியது, எழுதிப் பார்த்தவர்களிடம் 56. வாசித்து முடித்த கையோடு 'நன்றாகப் படித்துவிட்டோம்' என்று தோன்றுவது பொய்யில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்கு அது உண்மைதான்.

அதனால் நோட்டு என்பது பார்க்காமல் சொல்லிப் பழக வசதியாக இருக்க வேண்டும். 1950-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்பவர் இதற்காகவே ஒரு பக்க அமைப்பை உருவாக்கினார். லாங் சைஸ் நோட்டில் அச்சடித்த மார்ஜின் போதாது. இடப்பக்க விளிம்பிலிருந்து ஆறு சென்டிமீட்டர் தள்ளி ஒரு கோடு போடுங்கள். அடியில் ஐந்து சென்டிமீட்டர் விடுங்கள். வகுப்பில் வலப்பக்கம் மட்டும் எழுதுங்கள். இடது ஓரம் வீட்டில் கேள்வி எழுத, அடிப்பகுதி அந்தப் பக்கத்தின் சாரத்தை இரண்டு வரியில் எழுத.

தேய்மானப் பாடத்தை வைத்தே சொல்கிறேன். போர்டில் இது இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: இயந்திரத்தின் விலை 1,00,000 ரூபாய், ஆயுள் 5 ஆண்டு, எறிமதிப்பு 10,000. நேர்கோட்டு முறையில் 90,000-ஐ ஐந்தால் வகுக்க, ஆண்டுக்கு 18,000. குறைந்து செல் மதிப்பு முறையில் 20 சதவீதம் என்றால் முதல் ஆண்டு 20,000, இரண்டாம் ஆண்டு மீதி 80,000-க்கு 16,000, மூன்றாம் ஆண்டு 12,800.

இதை எல்லோரும் எழுதிக்கொள்கிறார்கள். கணக்கைப் போட்டுவிட்டு ஆசிரியர் கையைத் துடைத்துக்கொண்டே ஒன்று சொல்வார்: "மெஷின் பழசாக ஆக ரிப்பேர் செலவு ஏறும். தேய்மானம் குறையும். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால் லாபத்தின் மேல் விழும் சுமை ஓரளவு சமமாக இருக்கும், அதுக்குத்தான் இந்த முறை." நான் திருத்திய நோட்டுகளில் பெரும்பாலும் காணாமல் போயிருப்பது இந்த வாக்கியம்தான். போர்டில் இருப்பது பாடநூலிலும் இருக்கும். வாயால் சொன்ன காரணம் வகுப்போடு போய்விடும். அதனால் போர்டில் உள்ளதைச் சுருக்கி எழுதுங்கள், 'ஏன்' என்று சொல்வதை முழுதாக எழுதுங்கள். தமிழில் சொன்னால் தமிழிலேயே எழுதுங்கள், கலைச்சொல்லை மட்டும் தேர்வு எழுதும் மொழியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலையே, வகுப்பு காதில் இருக்கும்போதே, இடது ஓரத்தில் கேள்விகளை எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு நாலு போதும். 'தேய்மானம் என்றால் என்ன?' என்பது ஒன்று இருக்கட்டும், அது இரண்டு மதிப்பெண் கேள்வி. மற்றவை இப்படி இருக்கட்டும்: எறிமதிப்பை எந்த முறையில் முதலிலேயே கழிக்கிறோம்? இரண்டாம் ஆண்டில் எந்த முறையில் தேய்மானம் அதிகம், ஏன்? குறைந்து செல் முறையில் மதிப்பு ஏன் பூஜ்யத்துக்கு வருவதே இல்லை? கடைசிக் கேள்விக்கு வலப்பக்கத்தில் நேரடி விடை இருக்காது. ஒவ்வொரு ஆண்டும் மீதியில் ஒரு பங்கைத்தான் எடுக்கிறோம், மீதி எப்போதும் இருக்கும் என்று நீங்களே யோசித்துச் சொல்ல வேண்டும். கேள்வி எழுத வரவில்லை என்றால் அந்தப் பகுதி புரியவில்லை என்று அர்த்தம், மறுநாளே போய்க் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் படிப்பது. வலப்பக்கத்தை ஒரு அட்டையால் மூடுங்கள். கேள்வியைப் பார்த்து விடையை வாய்விட்டுச் சொல்லுங்கள் அல்லது ரஃப் தாளில் எழுதுங்கள், அதற்குப் பிறகு அட்டையை நகர்த்திச் சரிபாருங்கள். தவறிய கேள்விக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. மறுநாள் ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை, ஒரு வாரத்தில் ஒரு முறை, அதன்பின் இன்டர்னலுக்கு முன். இந்த இடைவெளி கல்லில் எழுதியதல்ல; இரண்டு புள்ளி வாங்கிய கேள்வியைச் சீக்கிரம் பாருங்கள், மூன்று தடவை தடுமாறாமல் வந்ததைத் தள்ளிப்போடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கேள்வியைப் படித்ததும் "ம், இது தெரியும்" என்று மனசுக்குள் சொல்லிவிட்டு அட்டையை நகர்த்திவிடுவோம். அது மறுபடி வாசிப்பதற்குச் சமம். ஒரு வாரம் ஆகியும் ஒரு புள்ளிகூட விழவில்லை என்றால் சந்தேகப்படுங்கள், விடையை எழுதித்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, உங்கள் பாடத்துக்கே உரியது. கணக்கை இப்படி மூடிவைத்து வாயால் சொல்லிப் பயனில்லை. இடது ஓரத்தில் கேள்வியின் எண்களை மட்டும் எழுதிவிட்டு, வலப்பக்கத்தை மூடி, கணக்கை முழுதாகப் போடுங்கள். மறுமுறை எண்களை மாற்றுங்கள்: விலை 1,50,000, இயந்திரம் வாங்கியது ஜூலை 1, கணக்காண்டு முடிவது மார்ச் 31. முதல் ஆண்டுக்கு ஒன்பது மாதத் தேய்மானம்தான் வரும். பன்னிரண்டு மாதத்துக்குப் போட்டிருந்தால் அங்கே ஒரு புள்ளி வையுங்கள்.