அம்மாவுக்கு ஏற்ற நாய் எது?

"அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி, தனியாக இருக்கிறார். லாப்ரடார் குட்டி வாங்கித் தரலாமா?"

வேண்டாங்க. வளர்ந்த லாப்ரடார் 30 கிலோ வரும். பூனையைக் கண்டு ஒரு இழு இழுத்தால் அம்மா விழுந்துவிடுவார். குட்டி என்றால் ராத்திரியிலும் எழுந்து வெளியே கூட்டிப்போக வேண்டும். குணம் தெரிந்த, 6 வயதுக்கு மேற்பட்ட, 8–10 கிலோ நாயைத் தத்தெடுங்கள். அதைவிடச் சின்னது காலில் இடறும். எதுவானாலும் கழுத்தில் மணி கட்டுங்கள். முடிவுக்கு முன் அம்மாவே அதை 20 நிமிடம் நடத்திப் பார்க்கட்டும். கயிறு தளர்வாகவே இருந்தால் நல்லது.

அம்மா மருத்துவமனையில் சேர்ந்தால் பார்த்துக்கொள்பவரை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். அவரிடம் சாவி இருக்கட்டும். நாய் முன்கூட்டியே அவர் வீட்டில் சில இரவுகள் தங்கிப் பழகட்டும். புது இடத்தில் திடீரென விட்டால் பல நாய்கள் சாப்பிடாது. உணவளவு, மருந்து, கால்நடை மருத்துவர் எண் மூன்றையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.