ரிஷப வாகனமும் கலங்கிய படங்களும்

அன்புள்ள ஐயா,

பங்குனிப் பெருவிழாவின்போது மயிலாப்பூரில் ரிஷப வாகனத்தைப் படமெடுக்கப் போயிருந்தேன். ஃப்ளாஷ் போடக் கூடாது என்று சீர்பாதம் தாங்குபவர்கள் சொன்னதால் அணைத்துவிட்டேன். அதன்பின் எடுத்தவை எல்லாம் கலங்கல். ஐஎஸ்ஓவை 800க்கு மேல் ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்லியிருந்தார்கள், அதனால் ஏற்றவில்லை. கேமராவோடு வந்த 18-55 லென்ஸ்தான் என்னிடம் இருக்கிறது. என் கை நடுங்குகிறதா, லென்ஸ் போதாதா? மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன்.

ச., விழுப்புரம்

அன்புள்ள ச.,

மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் பின்னால் தொங்கும் சீரியல் விளக்குகளைக் கவனியுங்கள். ஒவ்வொரு விளக்கும் ஒரு சின்னக் கொக்கி மாதிரி இழுபட்டிருக்கிறது, எல்லாக் கொக்கியும் ஒரே வடிவம். அது கை அசைந்ததன் தடம். மூன்றாவது படத்தில் கதை வேறு. பின்னாலிருக்கும் கடைப் பலகையின் எழுத்துகள் தெளிவாகப் படிக்க முடிகிறது, ஆனால் சுவாமிக்கு மேலிருக்கும் குடை மட்டும் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. அங்கே உங்கள் கை அசையவில்லை, வாகனம் அசைந்திருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. லென்ஸில் அதிர்வுக் கட்டுப்பாடு இருந்தால் முதல் வகைக் கலங்கலைக் குறைக்கும். இரண்டாவதற்கு ஷட்டர் வேகம் ஒன்றுதான் வழி.

படத்தோடு பதிவாகியிருக்கும் விவரம் இது: 55 மி.மீ., f/5.6, ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/4 நொடி. தோளில் வாகனத்தைச் சுமந்து ஆட்டிக்கொண்டே நடப்பவர்களைக் கால் நொடியில் யார் எடுத்தாலும் கலங்கத்தான் செய்யும். ஆகவே கையை நொந்துகொள்ள வேண்டாம்.

புது லென்ஸ் வாங்காமலேயே இதைச் சரிசெய்யலாம். ஐஎஸ்ஓவை 800லிருந்து 6400க்கு ஏற்றினால் எட்டு மடங்கு. கால் நொடி 1/30 ஆகிவிடும். அடுத்து ஜூமை 55இலிருந்து 18க்குக் கொண்டுவாருங்கள். உங்கள் லென்ஸ் அந்த முனையில் f/3.5 வரை திறக்கும், அதில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெளிச்சம் கூடுதல். 1/80க்கு வந்துவிட்டோம். 18 மி.மீ.யில் கை நடுக்கமும் படத்தில் குறைவாகவே தெரியும். ஆனால் தள்ளி நின்று எடுக்க முடியாது, வாகனத்துக்கு அருகே போக வேண்டும். மாட வீதி முனையில் வாகனம் திரும்பும் இடத்துக்கு முன்கூட்டியே போய் ஒரு கடைப் படியில் ஏறி நின்றுவிட்டால், சுவாமி தானாகவே உங்கள் பக்கம் வருவார். 50 மி.மீ. f/1.8 லென்ஸ் கிடைத்தால் அதே வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 3200லேயே 1/160 கிடைக்கும், உண்மைதான். ஆனால் நாலு மீட்டர் தூரத்தில் அது தெளிவாகக் காட்டும் ஆழம் அரை மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. ஃபோகஸ் முன்னால் தொங்கும் பூமாலையில் விழுந்துவிட்டால் திருமுகம் மங்கிவிடும்.

இன்னொன்று, உங்கள் படங்களிலேயே இருப்பது. சுற்றிலும் இருட்டு, நடுவில் விளக்கொளியில் வெள்ளி ரிஷபம். கேமராவின் மீட்டர் இரண்டையும் சராசரியாக்கி, இருட்டையும் வெளிச்சமாக்கப் பார்க்கிறது. அதனால்தான் வானம் சாம்பல் நிறமாக வந்திருக்கிறது, ரிஷபத்தின் நெற்றியும் சுவாமியின் கவசமும் வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டன. அந்த வெள்ளையிலிருந்து எதையும் மீட்க முடியாது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப் குறைத்து வையுங்கள். வானம் கறுப்பாகவே இருக்கட்டும், இரவுதானே. இப்படிச் செய்தால் ஷட்டர் இன்னும் இரண்டு மடங்கு வேகம் பெறும், 1/160. நான் வீதியுலாவில் டயலை M-இல் வைத்து, திருமுகத்தை மட்டும் ஸ்பாட் மீட்டரால் அளந்து அதையே நிறுத்திக்கொள்கிறேன். வாகனத்தின் விளக்குகள் பின்னால் வரும் ஜெனரேட்டர் வண்டியில்தான் எரிகின்றன, அதனால் வீதி எவ்வளவு மாறினாலும் சுவாமி மேல் விழும் வெளிச்சம் பெரிதாக மாறுவதில்லை. கற்பூர ஆரத்தி காட்டும்போது மட்டும் மறுபடி அளக்க வேண்டும்.

புள்ளிகளைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். ஐஎஸ்ஓ 800இல் இருட்டாக எடுத்துவிட்டு வீட்டில் கணினியில் வெளிச்சத்தை ஏற்றினால், நிழலான இடங்களில் நிறம் கெட்டுப்போன புள்ளிகள் வரும். 6400இல் சரியான வெளிச்சத்தோடு எடுத்த படத்தில் இருப்பது சன்னமான, சீரான மணல். RAW-இல் எடுத்தால் அதைப் பின்னால் மட்டுப்படுத்தலாம். ரொம்பவும் துடைத்துவிட்டால் விபூதிப் பட்டையும் பட்டின் சரிகையும் மெழுகு மாதிரி ஆகிவிடும், ஆகவே கொஞ்சம் மணல் இருக்கட்டும். கலங்கிய முகத்தை மட்டும் எதைக் கொண்டும் திருத்த முடியாது.

ஷட்டரைக் கண்டபடி வேகமாக வைத்துவிடவும் கூடாது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு நூறு தடவை மங்கிப் பளிச்சிடும். 1/250இல் எடுத்தால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வரும். சத்தம் கேட்கக் கூடாதே என்று எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறினால் சுவாமியின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். மெக்கானிகல் ஷட்டரிலேயே 1/100 வைத்தால் விளக்கின் ஒரு முழுத் துடிப்பு படத்துக்குள் வந்துவிடும். 1/160 வரை போக வசதி இருந்தாலும் நான் 1/100இல் நிறுத்திவிட்டு, மிச்சத்தை ஐஎஸ்ஓவில் குறைத்துக்கொள்வேன். உங்கள் கணக்கில் அது 4000 அளவுக்கு வரும்.

1/100 வேகத்தில் ஆடும் வாகனத்தை எப்படி நிறுத்துவது? ஊஞ்சலைப் போலத்தான். வாகனம் ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பும் முன் ஒரு கணம் நிற்கும். நாதஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டே நாலைந்து ஆட்டம் பாருங்கள், அந்தக் கணம் பிடிபட்டுவிடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடது உள்ளங்கையில் லென்ஸைத் தாங்கி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விரலை அழுத்தியபடியே மூன்று நான்கு படங்கள் தொடர்ந்து எடுங்கள். முதல் படத்தில் விரல் அழுத்திய அதிர்வு இருக்கும், பெரும்பாலும் இரண்டாவதோ மூன்றாவதோதான் நின்றிருக்கும்.

ஃப்ளாஷை அணைத்ததோடு ஃபோகஸ் உதவி விளக்கையும் மெனுவுக்குள் போய் அணைத்துவிடுங்கள். அதுவும் எதிரே வருபவர் கண்ணில்தான் அடிக்கும். அத்தனை பாரத்தைத் தோளில் வைத்து, பின்னால் இருப்பவரின் அடியையும் பார்த்துக் கால் வைக்கிற ஒருவருக்கு ஒரு நொடி கண் கூசினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அவர்கள் உங்களிடம் சொன்னது நியாயமான பேச்சு.

அடுத்த பங்குனி வரை காத்திருக்க வேண்டாம். மாதம் இருமுறை பிரதோஷத்தன்று சிவன் கோயில்களில் சுவாமி ரிஷப வாகனத்தில் பிராகாரம் சுற்றி வருவார். வெளிச்சம் வீதியைவிடக் குறைவு, கூட்டமும் குறைவு, சிற்பம் இல்லாத ஒரு தூணில் தோளைச் சாய்த்துக்கொள்ளலாம். 2022 டிசம்பரில் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை போட உத்தரவிட்டது. ஆகவே கேமராவோடு உள்ளே போகுமுன் கோயில் அலுவலகத்தில் கேளுங்கள், சந்நிதிப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். மூன்று சுற்றில் முதல் சுற்றை வெறுமனே பாருங்கள். எந்தத் தூணருகே திருமுகத்தில் விளக்கு விழுகிறது என்று தெரிந்துகொண்டு, அடுத்த சுற்றுக்கு அங்கே போய் நில்லுங்கள்.