மெத்தையில் விழும் குழியும் ஜன்னல் வெளிச்சமும்: கேள்வி பதில்

பெங்களூரில் 12 வருடமாக வீட்டுப் பொருட்களுக்கு விளம்பரப் படம் எடுக்கிறேன். பாதி நாள் மெத்தை, தலையணை, போர்வைதான். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

ஜெயநகரில் மெத்தைக் கடை வைத்திருப்பவர்: மேடம், வெள்ளை பெட்ஷீட் விரித்துப் படம் எடுத்தால் ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு?

முதலில் கூரை விளக்கை அணையுங்கள். மேலிருந்து விழும் வெளிச்சம் துணியின் மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே மாதிரி படிகிறது, மடிப்பே தெரியாமல் போகிறது. வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு மெதுவாக இறங்கும் அந்தச் சரிவைத்தான் கண் மென்மை என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி கட்டிலைத் திருப்புங்கள். நேர் வெயில் வந்தால் ஒரு நாலு முழ வேட்டியை ஒற்றையாக ஜன்னலில் கட்டிவிடுங்கள். இத்தனை வருடத்தில் அதைவிட நல்ல வடிகட்டி எனக்குக் கிடைக்கவில்லை. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் சுவர் வெள்ளையாக இருந்தால் அங்கே ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நின்றதும் மடிப்புகளுக்கு நிழல் வந்துவிடும்.

வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று இங்கே பலரும் நம்புகிறார்கள். பெங்களூரில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சி வேளையிலும் சூரியன் வடக்குப் பக்கம்தான் இருக்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலுக்கும் வேட்டி வேண்டும்.

இன்னொன்று, பாக்கெட்டிலிருந்து எடுத்த ஷீட்டை அப்படியே விரிக்காதீர்கள். கட்டம் கட்டமாக விழுந்திருக்கும் அந்த மடிப்புக்கோடுகள்தான் ஆஸ்பத்திரியை நினைவுபடுத்துகின்றன. ஒருமுறை துவைத்துக் காயவைத்து, கட்டிலில் விரித்த பிறகு மேலேயே ஸ்டீமர் பிடியுங்கள்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலிருந்து ஒரு டிசைனர்: வெள்ளையை நன்றாகத் தூக்கிவிட்டால்தானே மென்மை வரும்? நான் எப்போதும் எக்ஸ்போஷரை ஏற்றித்தான் எடுக்கிறேன்.

பாதி சரி. கேமரா தானாக அளந்தால் வெள்ளைத் துணியைச் சாம்பலாக்கிவிடும், அதனால் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் ஏற்றத்தான் வேண்டும். ஆனால் படத்தில் வெளிச்ச அளவு அதன் உச்சமான 255ஐத் தொட்ட இடத்தில் துணி கிடையாது, வெறும் வெள்ளைதான் இருக்கும். நான் துணியின் மிக வெளுத்த இடத்தை 245க்குள் நிறுத்திவிடுவேன். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மடிப்பின் முகட்டில் நெசவு இழை தெரிந்தால் பிழைத்தது.

வைட்ஃபீல்டில் மெமரி ஃபோம் மெத்தைக்கு மார்க்கெட்டிங் செய்பவர்: ஆள் படுத்து எழுந்த குழியைப் படத்தில் காட்டினோம் அக்கா. ‘புது மெத்தையே அமுங்கிப்போச்சா’ என்று கேட்கிறார்கள்.

குழியை விட்டுவிட்டு அதைச் சுற்றி ஓடும் கோடுகளைப் பாருங்கள். இந்திரா நகரில் ஒரு ஃபிளாட்டில் எட்டு அங்குல மெமரி ஃபோம் மெத்தைக்குப் படம் எடுத்தபோது எங்களுக்கும் இதேதான் நடந்தது. மாடல் எழுந்ததும் இடுப்பு இருந்த இடத்தில் ஒரு பள்ளம். நாலா பக்கமிருந்தும் அதன் நடுவை நோக்கி ஷீட்டில் நேர்க்கோடுகள் இழுத்துக்கொண்டு நின்றன. காட்டன் ஷீட் ரப்பர் மாதிரி நீளாது. நடுவில் அமுங்கினால் சுற்றியுள்ள துணி இழுபடும். ஷீட்டை மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகியிருந்தால் அந்த இழுவை கோடாக விழும். பார்க்கிறவருக்குத் தொய்ந்த கயிற்றுக் கட்டில்தான் ஞாபகம் வரும்.

ஷீட்டை இரண்டு பக்கமும் உருவி, நாலு விரல் அளவு தளர்வாக விட்டு, மாடலை மறுபடி படுக்கச் சொன்னோம். இந்த முறை துணி உடம்போடு சேர்ந்து இறங்கியது. எழுந்ததும் குழியின் விளிம்பைச் சுற்றி வளைவு வளைவாகச் சின்ன மடிப்புகள், கரையில் அலை ஒதுங்கின மாதிரி நின்றன. அப்போதும் ஜன்னல் பக்கத்துச் சரிவு கறுத்துப்போய், அந்த இடம் ஓட்டை மாதிரித்தான் தெரிந்தது. அங்கே மட்டும் கறுப்புத் துணியை எடுத்துவிட்டு எதிரே ஒரு தெர்மகோல் அட்டை நிறுத்தினேன். நிழல் சாம்பலாக இளகியதும் ஓட்டை போய்ச் சரிவு வந்துவிட்டது.

அப்புறம் நேரம். மெமரி ஃபோம் மெதுவாக எழும் என்றாலும் நாம் ஃபோகஸ் செய்யும்வரை காத்திருக்காது. குளிரில் அது விறைத்து இன்னும் நிதானமாக எழும் என்பதால் ஏசியை 18இல் வைத்து அறையை ஒரு மணி நேரம் குளிரவிட்டோம். கேமராவை ஸ்டாண்டில் வைத்து ஃபோகஸை முன்னாலேயே பூட்டிவிட்டு, அவர் காலைத் தரையில் வைத்ததும் எடுத்தோம்.

உங்கள் படத்தில் மெத்தையின் ஓரப் பைப்பிங் நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓரம் நிமிர்ந்து நின்று நடு மட்டும் அகலமாக, இரண்டு விரல் ஆழத்துக்கு இறங்கியிருந்தால் சுகமாகத் தெரியும். ஓரமும் சேர்ந்து சரிந்திருந்தால் என்ன வெளிச்சம் போட்டாலும் பழைய மெத்தைதான்.

கே.ஆர். புரத்திலிருந்து ஒருவர்: எனக்கு நாலு வருடமாக முதுகு வலி. குழி விழாத மெத்தையாக ஒன்று சொல்லுங்களேன்.

நான் படம் எடுப்பவள்தான் ஐயா, முதுகுக்கு எலும்பு டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். படத்தைப் பார்த்து மெத்தையின் உறுதியை முடிவு செய்யாதீர்கள். கல் மாதிரி இருக்கும் தேங்காய் நார் மெத்தையின் மேல் ஒரு தடித்த ரஜாயைப் போட்டுவிட்டால் படத்தில் அதுவும் பஞ்சு மாதிரித்தான் தெரியும். கடையில் படுத்துப் பாருங்கள்.

அல்சூரிலிருந்து ஒரு இல்லத்தரசி: போடியிலிருந்து பாட்டி கொடுத்தனுப்பிய இலவம் பஞ்சு மெத்தை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அந்த மாதிரி மெத்தையை ஏன் விளம்பரத்தில் பார்க்கவே முடிவதில்லை?

எடுக்க எனக்கு ரொம்ப ஆசைம்மா. ஒருமுறை முயன்றும் பார்த்தேன். இலவம் பஞ்சு அமுங்கினால் தானாக எழாது. நீங்கள் படுத்த வடிவம், வெயிலில் போட்டுத் தட்டும்வரை அப்படியே இருக்கும். மேலே வெள்ளை ஷீட் விரித்தால் அந்த மேடு பள்ளம் கட்டி கட்டியாகத் தெரிகிறது. ஷீட்டை எடுத்துவிட்டுக் கோடு போட்ட மெத்தைத் துணியையே காட்டியபோது நன்றாக வந்தது. நேர்க்கோடுகள் மேட்டின் மேல் ஏறி வளைந்து இறங்கும்போது, நிழலே இல்லாமல்கூட உப்பல் புரிகிறது. மொட்டை மாடியில் சாயங்கால வெயிலில் எடுத்துப் பாருங்கள்.

வைட்ஃபீல்ட்காரர் மறுபடியும்: ஷீட்டைத் தளர்த்திப் பார்த்தோம், கோடு போய்விட்டது. ஆனால் மேனேஜர் குழியை கம்ப்யூட்டரில் இன்னும் கொஞ்சம் ஆழமாக்கச் சொல்கிறார். செய்யலாமா?

வேண்டாம். அந்த ஆழம் அந்த ஃபோமின் குணம், வாங்குகிறவர் காசு கொடுப்பதே அதற்குத்தான். விளம்பரம் ஆளை ஏமாற்றக்கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலான ஏ.எஸ்.சி.ஐ.யின் விதியிலும் இருக்கிறது. ஷீட்டில் ஒட்டிய முடியையோ, தப்பிப்போன ஒரு சுருக்கத்தையோ அழிப்பது வேறு விஷயம், அதை நானும் செய்வேன்.

ஆனால் ஒரே உறைக்குள் இரண்டு ரஜாயைத் திணித்து உப்பலாகக் காட்டுவது எங்கள் தொழிலில் சகஜம். மெத்தை விளம்பரம் என்றால் போர்வை அலங்காரம்தான் என்று நானும் செய்திருக்கிறேன். போர்வையையே விற்கும் விளம்பரத்தில் அப்படிச் செய்யச் சொன்னபோது கை வரவில்லை. இரண்டையும் சேர்த்து விற்கும் செட்டுக்கு எது சரி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உங்கள் மேனேஜர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.